"அடுத்த மேனேஜர் நீதான்"னு சொல்லலாமா, சொல்லாமலே விடலாமா?

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனின்னு வச்சுக்கங்க. மெர்ச்சண்டைசிங் மேனேஜர் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆவறாரு. அவருக்குக் கீழ இருக்கற சீனியர் பொண்ணு பையர் மெயில்ல இருந்து சாம்பிள் அப்ரூவல் வரைக்கும் சுத்தமா பாத்துக்குது. மொதலாளி மனசுல அந்தப் பொண்ணும் இருக்கு, இன்னொருத்தரும் இருக்காரு, வெளிநாட்டுல படிக்கற பையன் திரும்பி வந்தா அந்த சீட்டு என்னாகும்னு அவருக்கே தெரியாது. இப்ப அந்தப் பொண்ணுகிட்ட என்ன பேசறது?

வாயே தொறக்காம இருக்கறது ஒரு வழி. நம்மூர்ல நெறைய பேரு இதத்தான் பண்றாங்க, சொன்னா தலைக்கனம் ஏறிரும்னு பயம். ஆனா பக்கத்து கம்பெனில சம்பளம் கூட தர்றேன்னு கூப்பிட்டா, இங்க தன்னை ஒருத்தர் கவனிக்கறதே தெரியாத ஆளு எதுக்குங்க தயங்கணும்? பேப்பர் போட்டதுக்கப்பறம் "உன்னைத்தான் நெனச்சிருந்தேம்மா"ன்னு சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னொண்ணு, "அடுத்தது நீதான்"னு வாக்கு குடுக்கறது. என்னைக் கேட்டா இது அதைவிட மோசம். பையன் வந்து உக்காந்தாலோ, ஆர்டர் கொறஞ்சு ரெண்டு டீமை ஒண்ணாக்குனாலோ, பதவி போனதைவிட ஏமாத்திட்டாங்கங்கற கோவம்தான் பெருசா நிக்கும். "உனக்குன்னு ஒரு பிளான் வச்சிருக்கேன்"னு பட்டும்படாம சொன்னாலும் கேக்கறவங்க காதுல அது வாக்காத்தான் விழும்.

நான் சொல்றது மூணாவது வழி. தனியா கூப்பிட்டு, இப்படி:

"இந்த மாதிரி பொறுப்புக்கு யார் யாரை தயார் பண்ணலாம்னு பாக்கறோம், அதுல நீயும் ஒருத்தர்மா. போன சீசன்ல துணி லேட்டானப்ப பையர்கிட்ட மறைக்காம பேசி தேதி மாத்தி வாங்குன பாரு, அதனாலதான். சீட்டு உனக்குன்னு நான் சொல்லல, வேற ஆளுங்களும் இருக்காங்க, குடும்பத்துல இருந்தும் வரலாம். ஆனா அடுத்த சீசன் ஒரு பையரோட காஸ்டிங் கணக்கை நீயே போடு, ரேட் பேசறப்ப என்கூட உக்காரு, ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பேசலாம். இந்த வேலைல உனக்கு ஆசை இருக்கா?"

கடைசிக் கேள்விய விட்டுறாதீங்க, வேலைல கெட்டிக்காரங்க எல்லாருக்கும் மேனேஜர் ஆகணும்னு ஆசை இருக்காது. மத்தவங்க பேரை மட்டும் சொல்லாதீங்க. பேசி முடிச்சதும் "நான் சொன்னதுல உனக்கு என்ன புரிஞ்சுது"ன்னு கேளுங்க, பதில் "ரெண்டு வருஷத்துல எனக்குங்களா சார்"னு வந்தா வாக்கா எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம், அங்கியே திருத்தீருங்க, அப்பறம் பேசுனதை நாலு வரி மெயில்லயும் போட்டு வைங்க.

இந்த வழிக்கும் ஒரு எல்லை இருக்கு. காஸ்டிங்க கைவிட்டு குடுக்க மொதலாளிக்கு மனசு இல்லைன்னா இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது, வேலை குடுக்காம பேச்சு மட்டும் குடுத்தா ரெண்டாவது வழி மாதிரியேதான் முடியும். நடுவுல பையன் வர்றது உறுதியாயிருச்சுன்னா ஆறு மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்தப் பொண்ணு கேண்டீன்ல கேள்விப்படறதுக்கு முன்னாடி நீங்களே கூப்பிட்டு சொல்லீருங்க.