வண்டி பேட்டரிகளை எப்போது மாற்றுவது? வெய்புல் கணக்கோடு மூன்று ஆண்டுகள்

மதுரையிலிருந்து காய்கறி ஏற்றும் 50 வேன்களின் பராமரிப்பு என் பொறுப்பு. எல்லாம் ஒரே மாதத்தில் வாங்கியவை, ஒரே ரகம் 12 வோல்ட் பேட்டரி. இரண்டரை ஆண்டு ஆனபோது 16 பேட்டரிகளை மாற்றியிருந்தோம். விடியற்காலை நாலு மணிக்கு வத்தலக்குண்டு தாண்டி நின்றுகொண்டு, "அண்ணே, டக் டக்னு சத்தம் மட்டும் வருது, செல்ஃப் எடுக்கல" என்று டிரைவர் போன் செய்வது வழக்கமாகிவிட்டது.

செத்த பேட்டரிகளின் சராசரி வயது 22 மாதம் என்று வந்தது. அதை வைத்து, 18 மாதத்திலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். அது தவறு. எல்லாருமே முப்பது வயதுக்குள் இருக்கும் ஊரில், இறந்தவர்களின் வயதை மட்டும் கூட்டி ஊராரின் ஆயுளைச் சொல்வது போன்ற கணக்கு அது. இன்னும் ஓடிக்கொண்டிருந்த 34 பேட்டரிகளும் "30 மாதம் தாண்டியும் நான் சாகவில்லை" என்று சொல்கின்றன. அந்தச் சாட்சியையும் சேர்த்துக்கொள்வதால்தான், பொருள்களின் ஆயுளைக் கணிக்கும் வெய்புல் என்ற புள்ளியியல் முறை எனக்குப் பிடித்தது.

கணக்கு போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கழற்றிய 16-ஐயும் சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் செய்தோம். இரண்டு நன்றாகவே இருந்தன. ஒரு வண்டியில் ஆல்டர்னேட்டர் பழுது, இன்னொன்றில் ஜிபிஎஸ் கருவி இரவெல்லாம் கரண்டை உறிஞ்சியிருந்தது. அந்த இரண்டையும் செத்த கணக்கில் எழுதக் கூடாது. கழற்றிய மாதம் வரை பிழைத்திருந்தவை என்று சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல மென்பொருள் வைத்திருந்தாலும் பயன் இல்லை.

அப்புறம் பைதானில் மூன்று வரிதான். இதில் failed என்பது செத்த 14 பேட்டரிகளின் வயதுப் பட்டியல், running என்பது பிழைத்திருந்த 36-இன் வயதுப் பட்டியல்:

```python
from scipy import stats
d = stats.CensoredData(uncensored=failed, right=running)
beta, _, eta = stats.weibull_min.fit(d, floc=0)
```

பீட்டா சுமார் 3, ஈட்டா சுமார் 43 மாதம் என்று வந்தது. ஈட்டா என்பது நூற்றுக்கு 63 பேட்டரிகள் செத்திருக்கும் வயது. பீட்டா 1-க்கு மேல் இருந்தால் வயது ஏற ஏறச் சாகும் வாய்ப்பும் ஏறுகிறது என்று பொருள். 1-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் முன்கூட்டி மாற்றுவது வீண் செலவு. இந்தக் கணக்கில் உண்மையான சராசரி ஆயுள் 38 மாதம். நான் நம்பியிருந்த 22 எங்கே, இது எங்கே!

செலவையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் முடிவு தெளிவானது. பட்டறையில் வைத்து மாற்றினால் 5,500 ரூபாய். வெளியூர் ரூட்டில் நின்றால் மாற்று வண்டி, கெட்டுப்போன சரக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 16,500. ஒரு வண்டிக்கு மாதச் செலவு, சாகும் வரை ஓட்டினால் 430 ரூபாய். 18 மாதத்தில் மாற்றினால் 355. 27 மாதத்தில் மாற்றினால் 311. இதில் எனக்கு மிகவும் உதவியது, 24-லிருந்து 30 மாதம் வரை அந்தச் செலவு ஏறக்குறைய மாறவே இல்லை என்பது. ஆகவே நாள் பார்க்காமல், அந்த இடைவெளியில் வரும் சர்வீஸோடு சேர்த்து மாற்றிவிடுகிறோம்.

நகருக்குள் ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நின்றால் அரை மணியில் மெக்கானிக் போய்விடுவார், கூடுதல் செலவு 1,500 ரூபாய்தான். அவற்றைச் சாகும் வரை ஓட்டுவதே சரி. மிச்சமிருந்த 34-இல் வெளியூர் வண்டிகள் 17-க்கும் உடனே புதுசு போட்டோம். நகர வண்டிகள் 17-ஐ விட்டுவிட்டோம். 30 மாதம் பிழைத்த பேட்டரி அடுத்த ஆறு மாதத்தில் சாகும் வாய்ப்பு இது:

```
1 - exp((30/43)**3 - (36/43)**3)  = 0.22
```

அதாவது 17-இல் நாலு. அந்த நாலையும் முன்கூட்டியே வாங்கி வைத்தேன். செத்தது ஐந்து.

குறையையும் சொல்ல வேண்டும். 14 சாவை வைத்து வந்த பீட்டா அது. உண்மையில் 2 முதல் 4 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய தரவோடு மறுபடி போடுகிறேன். சென்ற ஆண்டு புது லாட்டில் மூன்று பேட்டரிகள் இரண்டே மாதத்தில் போயின. வயதுக்கு எதிரே செத்தவற்றின் விகிதத்தைக் குறிக்கும் வெய்புல் வரைபடத் தாளில் நேர்க்கோடாக வர வேண்டிய புள்ளிகள் நடுவில் முழங்கை போல வளைந்தன. தேதி முத்திரையைப் பார்த்தால், மூன்றும் கடை அலமாரியிலேயே ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தவை. அவற்றைத் தனியாகப் பிரித்ததும் மற்றவை மறுபடி ஒரே கோட்டில் நின்றன. இப்போது பேட்டரி வாங்கும்போது பில் தேதியோடு தயாரிப்பு மாதத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.