விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிவைத்துப் பார்த்ததில்

விண்டோஸ் 11 ப்ரோ ஓடும் என் கணினியில், பதிப்பையே மாற்றும் ஃபீச்சர் அப்டேட்டுக்கு 120 நாள், மாதாந்திரத் திருத்தங்களான குவாலிட்டி அப்டேட்டுக்கு 7 நாள் என்று தள்ளிவைத்திருந்தேன். ஹோம் பதிப்பில் இந்த வசதி கிடையாது, கொஞ்ச நாள் நிறுத்திவைக்க மட்டுமே முடியும். ப்ரோவில் `gpedit.msc` திறந்தால் இரண்டுக்கும் தனித்தனிக் கொள்கை இருக்கிறது. ஃபீச்சருக்கு உச்சவரம்பு 365 நாள், குவாலிட்டிக்கு 30 நாள்தான்.

நாள் கணக்கு நம் கணினியிலிருந்து தொடங்குவதில்லை, அப்டேட் வெளியான தேதியிலிருந்து தொடங்குகிறது. 24H2 பதிப்பு 2024 அக்டோபர் 1 அன்று வெளியானது. 120 நாள் என்றால் 2025 ஜனவரி 29 வரை அது என் கணினியை எட்டிப் பார்க்காது. அதற்குள், என் கணினியில் ஏற்கெனவே இருந்த 23H2 பதிப்பு அப்படியே உறைந்துபோய் நிற்குமா என்றால், இல்லை. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 23H2-க்கும் தொடர்ந்து வந்தன. நவம்பர் 12 அன்று வெளியானது எனக்கு 19-ஆம் தேதி கிடைத்தது, அவ்வளவுதான்.

`winver` தட்டிப் பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். 22631 என்ற பில்டு எண் மாறாமல் இருக்க, புள்ளிக்குப் பின்னுள்ள எண் மட்டும் மாதாமாதம் ஏறும். 24H2-க்கு மாறினால்தான் முன் எண் 26100 ஆகும். அப்டேட் வரவில்லையே என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது பின் எண்ணைத்தான். அதுவும் நகராவிட்டால் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது.

குவாலிட்டியை 7 நாளுக்கு மேல் தள்ள எனக்கு மனமில்லை. மாதாந்திர அப்டேட் முந்தைய திருத்தங்களையும் சேர்த்துக்கொண்டு வருவதால், அதில் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை. 30 நாள் வைத்தால், ஊருக்கே தெரிந்துவிட்ட ஓட்டை ஒரு மாதம் திறந்தே கிடக்கும். பிரிண்டர், டிரைவர் கோளாறுகள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வெளியே தெரிந்துவிடுகின்றன, அதற்கு 7 நாள் போதும் என்பது என் கணிப்பு. டிஃபெண்டரின் வைரஸ் அடையாளக் கோப்புகள் இந்தக் கணக்கில் சேராமல் அன்றாடம் வந்துகொண்டே இருக்கும்.

ஃபீச்சரைத் தள்ளிவைத்தால் புதுசாக எதுவும் வராது என்று நினைத்துவிட வேண்டாம். சின்னச்சின்னப் புது வசதிகள் மாதாந்திர அப்டேட்டிலேயே ஏறி வரலாம். பெரிய பதிப்பு மாற்றம் மட்டும்தான் தள்ளிப்போகிறது.

அப்புறம், உச்சவரம்பான 365 நாளையே வைத்திருந்தாலும் 24H2 வருவது 2025 அக்டோபர் 1-ல்தான். 23H2 ப்ரோவுக்கான ஆதரவு நவம்பர் 11-ல் முடிந்தது. அந்த நாற்பத்தொரு நாள் இடைவெளியில் பதிப்பை மாற்றாதவர்களுக்கு, குவாலிட்டியை எத்தனை நாள் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும், 23H2-க்கு வர அதற்குப் பிறகு மாதாந்திரத் திருத்தமே இல்லை.