ஏழுக்கு ஐந்து: வாக்கெடுப்பா, ஒருமித்த முடிவா?

நான் இருந்த தன்னார்வக் குழு ஒன்றில் பன்னிரண்டு பேர். ஒரு தொலைபேசி உதவி எண்ணை நாங்கள்தான் முறைபோட்டுப் பார்த்துவந்தோம். வார இறுதியில் ஆள் கிடைப்பதில்லை என்று ஒரு நாள் பேச்சு வந்தது. விருப்பப்பட்டவர் வரலாம் என்ற ஏற்பாட்டை விட்டுவிட்டு, எல்லோருக்கும் மாதம் இரண்டு முறை கட்டாயம் என்று வைக்கலாமா? இருபது நிமிடம் பேசினோம், கை தூக்கினோம். ஏழுக்கு ஐந்து. தீர்மானம் நிறைவேறியது.

யாரும் சண்டை போடவில்லை. ஆறாவது வாரத்தில் பட்டியலில் ஓட்டை விழ ஆரம்பித்தது. "ஊர்ல இல்ல", "உடம்பு சரியில்ல" என்று கடைசி நேரத்தில் செய்தி வரும். யார் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அந்த ஐந்து பேர்தான். தோற்றவர்கள் பழிவாங்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது 'உங்கள் முடிவு', அவ்வளவுதான்.

வாக்கெடுப்பின் கோளாறு எண்ணிக்கையில் இல்லை, பேச்சு எப்போது நிற்கிறது என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹேஸ்டி, பென்ராட், பென்னிங்டன் மூவரும் நீதிமன்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியைப் போலவே மாதிரிக் குழுக்களை அமைத்து ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட முடிவுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. சில ஜூரிகளில் பன்னிரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும், சிலவற்றில் பத்துப் பேர் போதும், இன்னும் சிலவற்றில் எட்டுப் பேர் போதும். எட்டு போதும் என்ற இடத்தில் சீக்கிரமே வாக்கெடுத்தார்கள், எண்ணிக்கை தேறியதும் பேச்சு முடிந்தது, சிறுபான்மையினர் குறைவாகவே வாய் திறந்தார்கள். எல்லோரும் ஒத்துப்போகவேண்டிய ஜூரிகள் அதிக நேரம் எடுத்துக்கொண்டு சாட்சியங்களை ஆழமாக அலசின. எட்டு கை கிடைத்த பிறகு ஒன்பதாமவரின் ஐயம் யாருக்கு வேண்டும்?

எங்கள் குழு மறுபடி உட்கார்ந்தபோது கேள்வியை மாற்றினோம். "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்கவில்லை. "இதுல எது உங்களால முடியவே முடியாது?" என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். அப்போதுதான் தெரிந்தது, ஐந்து பேரில் நால்வருக்குக் கட்டாயம் என்பதே பிரச்சினை இல்லை. பட்டியல் மூன்று நாள் முன்னால்தான் வருகிறது, முறையை மாற்றிக்கொள்ள வழியில்லை, இவைதான் உறுத்தல். பட்டியலை ஒரு மாதம் முன்பே போடுவது, இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், மூன்று மாதம் பார்த்துவிட்டு மறுபடி பேசுவது என்று திட்டம் திருந்தியது. ஐந்தாமவர் கடைசிவரை உடன்படவில்லை. "எனக்குச் சரின்னு படல, ஆனா தடுக்க மாட்டேன்" என்றார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டங்களில் இப்படி ஒதுங்கி நிற்பதற்கு இடம் உண்டு. அவர்கள் வாக்கே எடுப்பதில்லை. கூட்டத்தின் மனப்போக்கு எது என்று, கூட்டத்தை நடத்தும் எழுத்தர் உணர்ந்து சொல்வார், மற்றவர்கள் ஏற்றால் அதுவே பதிவாகும்.

இதற்கு மூன்று கூட்டம் பிடித்தது. அந்த இருபது நிமிடத்தை நினைத்து எரிச்சல்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் பட்டியலில் அதன் பிறகு பெரிய ஓட்டை விழவில்லை. தன் ஆட்சேபத்தால் ஒரு வரியாவது மாறியிருக்கிறது என்று தெரிந்தவர், அந்தத் திட்டத்தைத் தன்னுடையதாகக் கொள்கிறார்.

இதை வைத்து ஒருமித்த முடிவுதான் உயர்ந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் போலந்து நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து 'அனுமதிக்க மாட்டேன்' என்றால் போதும், முழுக் கூட்டத்தொடரும் கலைந்துவிடும், அதில் நிறைவேறிய சட்டங்களும் செல்லாமல் போகும். 1652-இல் முதல்முறை அப்படிக் கலைந்தது, 1791 அரசியலமைப்பில்தான் அந்த அதிகாரம் ஒழிந்தது. தடுக்கும் உரிமை மட்டும் இருந்து, ஒதுங்கி நிற்கும் வழி இல்லாவிட்டால் நடப்பது இதுதான்.

இதைவிட அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு: போலி ஒற்றுமை. தலைவர் "எல்லாருக்கும் சரிதானே?" என்பார், நாலைந்து தலை ஆடும், மற்றவர்கள் மேசையைப் பார்ப்பார்கள். வாக்கெடுப்பிலாவது அந்த ஐந்து பேர் கணக்கில் வருகிறார்கள். இங்கே அதுவும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி, முதலில் வைத்த முன்மொழிவையும் கடைசியில் ஏற்றதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சிக்கலான விஷயத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்றால், அங்கே பலர் பேசவே இல்லை என்று சந்தேகப்படுவேன்.

அதனால் நான் பார்ப்பது, முடிவை யார் கையால் நிறைவேற்றப் போகிறோம் என்பதை. உதவி எண்ணின் விளம்பர அட்டைக்கு நீலமா பச்சையா என்றால் அச்சுக்குக் கொடுப்பவர் ஒருவர், வேலையும் அன்றோடு முடிகிறது. கை தூக்கினால் போதும், நாங்கள் அப்படித்தான் செய்தோம், பச்சை வென்றது. ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்போது எடுக்கவேண்டியவர், வேண்டாம் என்று கை தூக்கிய அந்த ஐந்து பேரில் ஒருவராக இருக்கலாம் என்றால், மூன்று கூட்டமும் போடலாம்.