நூல் மதிப்புரை: அத்தியாய வரிசையா, வாத வரிசையா?

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட 'வறுமையும் பஞ்சங்களும்' நூலுக்கு வகுப்பில் மதிப்புரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அத்தியாய வரிசையில் போவது சுலபம். வங்காளம், எத்தியோப்பியா, ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி, வங்கதேசம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. எதுவும் விடுபடாது. ஆனால் பக்கம் தீர்ந்துவிடும். கடைசியில் 'பயனுள்ள நூல்' என்று ஒரு வரிதான் மிஞ்சும். மற்றதையெல்லாம் திருத்துபவர் பொருளடக்கத்திலேயே படித்துக்கொள்வார்.

வாத வரிசையில், சென் சொல்வதை முதலில் இரண்டு வரியில் வைக்கிறோம்: பஞ்சத்துக்கு உணவு குறைந்ததுதான் காரணம் என்று இல்லை, இருக்கும் உணவைப் பெறும் வழியை மக்கள் இழந்தாலே போதும். அப்புறம் ஒரே சான்றை எடுத்து உரசிப் பார்க்கிறோம். பஞ்சம் வந்த 1943இல் வங்காளத்தில் இருந்த உணவு, முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சம் வராத 1941ஐவிட 13 சதவீதம் அதிகம் என்கிறார். இந்தக் கணக்கு நிற்பது அன்றைய விளைச்சல் புள்ளிவிவரத்தின் மேல். அதை நம்ப முடியாது என்று பொருளாதார அறிஞர் பீட்டர் பௌபிரிக் 1986இல் எதிர்த்தார்.

தீர்ப்பு இங்கேதான் பிறக்கிறது. விளைச்சல் கணக்கு ஆட்டம் கண்டாலும், விவசாயக் கூலிகளும் மீனவர்களும் மற்றவர்களைவிட அதிகம் அடிபட்டது ஏன் என்பதற்குச் சென்னின் விளக்கம் நிற்கிறது. ஆகவே 'உணவுக் குறைவு முக்கியமல்ல' என்பதைத் தயக்கத்தோடும், 'யார் பட்டினி கிடந்தார்கள்' என்பதை உறுதியோடும் ஏற்கலாம்.

எத்தியோப்பியாவுக்கு ஒரு வரிதான் கிடைக்கும். பரவாயில்லை, நான் வாத வரிசையையே எடுப்பேன். வகுப்பு ஆசிரியர் சுருக்கம் மட்டும் கேட்டிருந்தால், சரி, முதல் வழி.