ஒன்றா, ஏழா? ஜெர்மன் வகுப்புப் பலகையோடு பதினெட்டு மாதம்

காட்பாடியில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்ஸ் நடத்துகிறேன். அக்கா மகள் குடியாத்தத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் படிக்கப் போனாள். இங்கே பிளஸ் டூ மட்டும் முடித்துவிட்டுப் போகிற பலரும் அங்கே முதலில் ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்த வகுப்பில், பொதுவாக இரண்டு செமஸ்டர், படிக்க வேண்டியிருக்கும். பொறியியல் பக்கம் போகிறவர்களுக்கு அதில் டி கோர்ஸ் என்று ஒரு பிரிவு. கணக்கு, இயற்பியல், வேதியியல், கூடவே ஜெர்மன். அது முடிந்து இப்போது பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரும் ஓடிவிட்டது. ஆக, பதினெட்டு மாதமாக அவள் அனுப்புகிற பலகைப் படங்களை ஆங்கிலமும் தமிழும் கலந்த குறிப்பாக மாற்றிக் கொடுத்துவருகிறேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. பாடம் தெரியும். அவளுக்குப் பேச்சு ஜெர்மன் நன்றாகவே வரும், பலகையில் இருக்கிற கிறுக்கல்தான் பிடிபடவில்லை. இந்த ஏற்பாடு எப்படியோ வேலை செய்தது.

அவள் வகுப்பு மதியம் இரண்டு மணிக்கு முடியும். இங்கே அது கோடையில் ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. நான் வீட்டுக்கு வந்து டீ குடிக்கிற நேரத்துக்குப் படம் வந்துவிடும்.

முதல் மாதம் போனில் இருக்கிற மொழிபெயர்ப்புச் செயலியின் கேமராவைத்தான் நம்பினேன். படத்தைக் காட்டினால் எழுத்தின் மேலேயே மொழிபெயர்ப்பை ஒட்டிக் காட்டும். மெனு கார்டுக்கு அருமையான வசதி, பாடத்துக்கு உதவாது. ஒட்டுகிற சொல் பக்கத்தில் இருக்கிற அம்புக்குறியையும் சமன்பாட்டையும் மறைத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், அதற்கு எந்தப் பாடம் நடக்கிறது என்று தெரியாது. ஒருநாள் "ரயில் (+), அழுத்தம் (−)" என்று வந்தது. காட்பாடிக்காரனுக்கு ரயில் புதிதில்லை, ஆனாலும் மெக்கானிக்ஸ் வகுப்பில் ரயிலுக்கு ஏன் கூட்டல் குறி? மூலத்தைப் பார்த்தால் சூக், ட்ரூக் என்ற இரண்டு சொற்கள். சூக் என்றால் ரயில்தான், ஆனால் கம்பியை இழுக்கிற இழுவிசையும் சூக்தான். ட்ரூக் என்பது இங்கே அமுக்குவிசை. இழுவிசைக்குக் கூட்டல், அமுக்குவிசைக்குக் கழித்தல் என்ற குறியை நம் பாடத்திலும்தான் போடுகிறோம். அந்தக் குறியைப் பார்த்ததும் எனக்குச் சொல்லும் புரிந்துவிட்டது. இதேபோல உத்தரம் உட்காரும் தாங்கி "கிடங்கு" ஆகிவிட்டது. லாகர் என்ற ஒரே சொல்தான் சரக்கு வைக்கும் இடத்துக்கும் தாங்கிக்கும் பேரிங்குக்கும்.

வேலூர் ஆற்காடு ரோடு மருந்துக்கடைகளில் சீட்டு படிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தை எழுத்தாகப் படிக்கிறார் என்றா நினைக்கிறீர்கள்? முதல் எழுத்து, மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, இவ்வளவு போதும், மருந்து என்னவென்று அவருக்குத் தெரிந்துவிடும். நானும் கொஞ்ச நாளில் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் அந்தத் தைரியம் ஒருமுறை காலை வாரியது. ஆயத்த வகுப்பில் வந்த ஒரு சாதாரண உத்தரக் கணக்கு, F என்ற பாரத்துக்கு இரண்டு தாங்கிகளிலும் வரும் எதிர்விசைகளான A, B எவ்வளவு என்று. பலகையில் இருந்தது இதுதான்:

```
Geg.: F = 1,2 kN   a = 1 m   l = 4 m
Ges.: A, B
B·l − F·a = 0
B = 0,3 kN   A = 0,9 kN
```

முதல் வரியில் செயலி "எதிராக" என்றது, இரண்டாவதில் "நிறுவனம்: A, B" என்றது. Geg. என்பது கெகேபன், அதாவது கொடுக்கப்பட்டவை. Ges. என்பது கெசூக்ட், கண்டுபிடிக்க வேண்டியவை. கம்பெனியைக் குறிக்கும் கெசெல்ஷாஃப்ட்டையும் இதே மூன்று எழுத்தில் சுருக்குவதால் செயலி அந்தப் பக்கம் போய்விட்டது. இதை அவளே சொல்லிவிட்டாள். பலகையின் மேல் இடது மூலையில் இந்த இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் கணக்கு தொடங்குகிறது என்று அர்த்தம், அப்புறம் குழப்பமே வரவில்லை.

நான் விழுந்தது 1,2-இல். ஜெர்மன்காரர்கள் 1 எழுதும்போது கீழிருந்து ஒரு நீளமான கோட்டை மேலே இழுத்து, பிறகு கீழே இறக்குகிறார்கள். நம் கண்ணுக்கு அது அப்பட்டமாக 7. அவர்களுடைய 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு இருக்கும். அது எனக்கு அப்போது தெரியாது. செயலியும் 7 என்றுதான் படித்தது. "7.2 கிலோநியூட்டன்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். கடைசி வரி மேலே தள்ளிய இன்னொரு பலகையில் இருந்ததால் அது இரண்டாவது படத்தில் வந்தது, நான் அதைத் திறக்கவே இல்லை. அவள் என் எண்ணை வைத்துப் போட்டு B-க்கு 1.8, A-க்கு 5.4 என்று கண்டுபிடித்து, மறுநாள் பயிற்சி வகுப்பில் போய் நின்றாள்.

"மாமா, எல்லாருக்கும் 0.3 வந்திருக்கு. எனக்கு மட்டும் ஆறு மடங்கு."

செயலியைக் குறை சொல்லத் தோன்றியது. ஆனால் இரண்டு தாங்கிகளின் எதிர்விசையையும் கூட்டினால் பாரம் வர வேண்டும் என்பதை வருஷா வருஷம் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். 0.9-உம் 0.3-உம் சேர்ந்தால் 1.2. இரண்டாவது படத்தைத் திறந்து ஒரு கூட்டல் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஓர் ஒழுங்கு வந்தது. படம் வந்ததும் முதலில் அதே படத்தில் சந்தேகமே இல்லாத ஒரு 7-ஐத் தேடுகிறேன். குறுக்குக்கோடு போட்ட 7 ஒன்று கிடைத்துவிட்டால், கோடில்லாதது அந்த ஆசிரியர் கையில் 1. எதுவும் கிடைக்காவிட்டால் விடையிலிருந்து பின்னால் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அதுவும் முடியாவிட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத்தான் அனுப்புவேன். தசமத்துக்கு அவர்கள் கமா போடுவது சீக்கிரம் பழகிவிடும், ஆனால் ஆயிரத்துக்குப் புள்ளி வைப்பது இன்னும் ஏமாற்றப் பார்க்கிறது. 1.250 N என்றால் ஆயிரத்து இருநூற்றைம்பது நியூட்டன், ஒன்றேகால் இல்லை.

கேமரா ஒட்டு வேலையையும் விட்டுவிட்டேன். இப்போது படத்திலிருந்து ஜெர்மன் எழுத்தை மட்டும் தனியாக எடுத்து, பிழை திருத்தி, சுருக்கங்களை முழுச் சொல்லாக விரித்து, அப்புறம்தான் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கிறேன். விரித்துக் கொடுத்தாலே பாதிக் கோமாளித்தனம் போய்விடுகிறது. Lsg. என்று அப்படியே கொடுத்தபோது "கரைசல்" என்று வந்தது. ல்யோசுங் என்று முழுதாக விரித்து, கணக்கு வாக்கியத்தோடு சேர்த்துக் கொடுத்தால் "தீர்வு" என்று ஒழுங்காக வருகிறது. சுருக்கங்களுக்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறேன், ஆசிரியர் வாரியாக. ஒருவர் சுருக்குவது போல இன்னொருவர் சுருக்குவதில்லை. வயதான ஒருவர் u-க்கு மேல் ஒரு வளைவு போடுவார், n-இலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக. செயலி அதை ü என்று படித்து, அகராதியிலேயே இல்லாத சொல்லாக்கிவிடும்.

படம் எடுப்பது அவள் பொறுப்பு. முதல் நாளே ஆசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டாள். வெள்ளைப் பலகையில் விளக்கொளி விழுகிற இடத்தில் எழுத்தே காணாமல் போகும், அதனால் நேராக நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுப்பாள். மேலும் கீழும் நகர்கிற பலகைக்கு வரிசை எண் போடுவாள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, கமாவும் புள்ளியும் ஒன்றாகிவிடும், ஆகவே டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். பெரிய வித்தியாசம் தெரிந்தது.

ஆசிரியர் வாயால் சொல்லிவிட்டுப் பலகையில் எழுதாததை எந்தப் படமும் தராது. "இந்த இடத்தில் உராய்வை விட்டுவிடுகிறோம்" என்பது போன்ற வரி பெரும்பாலும் பேச்சில்தான் இருக்கும். அதை அவள்தான் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த செமஸ்டரில் படங்கள் குறைந்துவிட்டன, வாரத்துக்கு ஒன்றிரண்டுதான். போன வாரம் வந்தது பலகைப் படமே இல்லை, அவள் கையால் போட்ட கணக்கு, சரிபார்க்கச் சொல்லி. மேல் மூலையில் Geg., Ges. எல்லாம் இருந்தது. மூன்றாவது வரியில் பாரம் 7 கிலோநியூட்டனாக இருந்தது, விடை ஒத்துவரவில்லை. "பாப்பா, இங்கே தப்பு" என்று எழுதினேன்.

"மாமா, அது ஒன்று."