திருகோணமலையில் எடுத்த இரண்டு படங்கள்

எங்கள் கணக்கியல் ஆலோசனை நிறுவனத்தில் மொத்தமே நான்கு பேர். டொரன்டோவில் இருக்கும் இருவரும் இணையத்தளத்துக்கான படங்களைச் சாம்பல் பின்னணியில் முன்பே எடுத்துவிட்டார்கள். மிச்சம் நானும், திருகோணமலையில் இருந்தே வேலை செய்யும் என் மச்சாளும். இந்த முறை ஊருக்குப் போனபோது இருவரும் சேர்ந்து எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் போன ஸ்டூடியோவில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. படத்தைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. மச்சாளின் முகம் கழுத்தைவிட இரண்டு மடங்கு வெளுத்திருந்தது. கன்னத்தில் ஒரு துவாரம்கூட இல்லை, மெழுகு பூசியதுபோல் இருந்தது. கேட்காமலே வெள்ளையாக்கியிருக்கிறார்கள். சாமத்திய வீட்டு அல்பத்துக்கு அப்படிக் கேட்பவர்கள் இருக்கலாம். ஆனால் நாளைக்கு வீடியோ அழைப்பில் அவளைப் பார்க்கப்போகும் வாடிக்கையாளருக்கு இது வேறொரு பெண்ணின் படம். உங்கள் படத்திலும் இப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்க, முகத்தின் நிறத்தைக் கழுத்தோடும் காதோடும் ஒப்பிடுங்கள். அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் புருவத்தின் ஓரத்தைப் பாருங்கள். முடிகள் கரைந்து மங்கியிருந்தால் தோலைத் தேய்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது இடம் பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம், ஒரு தம்பி தனியாக நடத்தும் சின்ன ஸ்டூடியோ. "தோல் தோலாகவே இருக்க வேண்டும் தம்பி, நிறத்தில் கை வைக்காதீங்கோ" என்று சொன்னேன். "அப்ப வெளிச்சத்திலதான் வேலை அக்கா, கொம்பியூட்டரில இல்லை" என்றார். அந்த ஒரு பதிலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கறுத்த தோலைக் குறைந்த வெளிச்சத்தில் எடுத்துவிட்டுப் பிறகு கொம்பியூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டினால் சாம்பல் பூத்ததுபோல் உயிரில்லாமல் வரும். அதை மறைக்கத்தான் பலர் வெள்ளையாக்குகிறார்கள். இவர் பெரிய சொஃப்ட்பொக்ஸ் என்ற, வெள்ளைத் துணியால் மூடிய விளக்குப் பெட்டி ஒன்றை முகத்துக்கு ஒரு பக்கமாக, கண்ணுக்குச் சற்று மேலே, நான்கு அடி தூரத்தில் வைத்தார். மறுபக்கம் வெள்ளை ரெஜிஃபோம் பலகை ஒன்று. அகலமான வெளிச்சம் என்பதால் கன்னத்து எலும்பில் மென்மையான மினுக்கம் விழுந்தது. கறுத்த தோலுக்கு அழகு அந்த மினுக்கம்தான். வியர்வை மினுக்கம் வேறு, அது நெற்றியில் வெள்ளைப் புள்ளியாக எரியும். ஊர்ப் புழுக்கத்தில் அதற்குப் பவுடர் போடத்தான் கை போகும், ஆனால் வெளிர் பவுடர் படத்தில் முகமூடிபோல் தெரியும். ஆகவே டிஷ்யூவால் ஒற்றி எடுத்தோம், தேய்க்கவில்லை.

பின்னணிக்கு அவரிடம் சாம்பல் துணி இல்லை, வெறும் வெள்ளைச் சுவர்தான். எங்களைச் சுவரில் இருந்து நான்கு அடி முன்னால் நிறுத்தினார். விளக்கில் இருந்து முகம் நான்கு அடி என்றால் சுவர் ஏறக்குறைய எட்டு அடி. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், ஆகவே முகம் சரியாக விழும் படத்தில் வெள்ளைச் சுவர் நடுத்தரச் சாம்பலாகிவிடும். டொரன்டோப் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். எங்கள் பின்னணி சற்று வெளிறியிருந்தது. இன்னும் ஓர் அடி முன்னுக்கு வரச்சொல்லி, விளக்கையும் அதே அளவு நகர்த்தினார். சாம்பல் பொருந்திவிட்டது. சுவரில் விழுந்த நிழலும் சட்டத்துக்கு வெளியே போனது.

சிரிப்புத்தான் கஷ்டப்பட்டது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினால் மச்சாளுக்கு உதடு மட்டும் சிரிக்கும், கண் பயந்து நிற்கும். தம்பி எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கதை கேட்கத் தொடங்கினார். கோட்டைக்குள் மான் ஒன்று அவள் கையில் இருந்த அர்ச்சனைப் பையை இழுத்துக்கொண்டு போனதை அவள் சொல்லும்போது வாய்விட்டுச் சிரித்தாள். அவர் அப்போது அழுத்தவில்லை. சிரிப்பு அடங்கி, உதடு மூடப்போகும் நொடியில் அழுத்தினார். அந்த நேரத்தில் கண்ணின் கீழ் இமை இன்னும் சற்று உயர்ந்தே இருக்கும், பல் அதிகம் தெரியாது. ஏறக்குறைய அறுபது படங்களில் நாங்கள் தெரிந்தெடுத்தது அதைத்தான்.

திருத்தத்துக்கு ஓர் அளவு பேசிக்கொண்டோம்: இரண்டு கிழமையில் தானாகப் போகிறதை எடுக்கலாம், போகாததைத் தொடக்கூடாது. என் பருவும் நுளம்புக்கடியும் போயின. மச்சாளின் மச்சமும், சின்ன வயதில் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் விழுந்து என் நாடியில் வந்த தழும்பும் அப்படியே இருக்கின்றன.

போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: திருத்திய படத்தோடு திருத்தாத மூலப் படத்தையும் பென்டிரைவில் தருவார்களா என்று முதலே பேசிவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன் போங்கள், பத்துக்குப் பிறகு டிஷ்யூ போதாது.