அரக்குப் பட்டு பழுப்பான கதை: வீட்டுப் போட்டோ மூலை, சில பண்டிகைகளுக்குப் பிறகு

போட்டோ எடுக்க பல்பின் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் துணிப்பெட்டிதான் சாஃப்ட்பாக்ஸ். ஆன்லைன் விற்பனையில் இரட்டை சாஃப்ட்பாக்ஸ் செட்டின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. "அண்ணா, உங்க வீட்ல இருக்கிறது அதே செட்தானே, வாங்கலாமா?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார். கொலு, தீபாவளி, பொங்கல் என்று எல்லாப் பண்டிகைக்கும் அதை வைத்துக் குடும்பப் படம் எடுத்துப் பார்த்தவன் என்பதால், இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை.

நாங்கள் இருப்பது பெங்களூரு அல்சூரில். ஹால் பத்துக்குப் பதினைந்து அடி. செட்டில் இரண்டு சாஃப்ட்பாக்ஸ், இரண்டு லைட் ஸ்டாண்ட், பின்துணி மாட்டும் கம்பி எல்லாம் வரும். கூடவே வரும் பின்துணி மெல்லியது, பின்னால் இருக்கும் சுவரே தெரியும். அதை மடித்து வைத்துவிட்டு, சிக்பேட்டையில் கெட்டியான சாம்பல் நிறக் காட்டன் துணி வாங்கி, மேல் ஓரத்தில் கம்பி நுழைகிற அளவுக்கு மடித்துத் தைத்துக்கொண்டோம். பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு என எந்தப் பட்டு முன்னால் நின்றாலும் சாம்பல் ஒதுங்கிக்கொள்கிறது. அழுத்தமான பச்சையோ நீலமோ துணியாக இருந்தால் அந்த நிறம் கன்னத்திலும் வெள்ளை வேட்டியிலும் வந்து ஒட்டும். துணியின் சுருக்கத்துக்கு இஸ்திரி மட்டும் போதாது. ஆட்களைத் துணியிலிருந்து நாலடி முன்னால் உட்கார வைத்தால், நிழல் துணியில் விழாமல் தரையில் விழும், மிச்சச் சுருக்கமும் கண்ணில் படாது. சின்ன ஹாலில் அந்த நாலடியை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது, ஆனால் படத்தின் பாதி அழகு அதில்தான் இருக்கிறது. ஸ்டாண்டின் காலில் மணல் பை வைக்க வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

இதுவரை செட்டின் மேல் எனக்கு வருத்தமில்லை. என் கோபமெல்லாம் பல்ப் மேல்தான்.

போன தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பல்பில் ஒன்று போய்விட்டது. விற்றவர்களைக் கேட்டால் பல்புக்கு வாரண்டி இல்லை, தனியாகவும் கிடைக்காது என்றார்கள். இந்த ஹோல்டர் மரை போட்டுத் திருகும் வகை. நம் தெருக்கடையில் அதிகம் இருப்பதோ இரண்டு பின் வைத்துச் சொருகும் பல்ப். ஒரு அடாப்டரும் கடைக்காரரிடம் இருந்ததிலேயே பெரிய எல்.இ.டி. பல்பும் வாங்கி வந்து மாட்டினோம். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. படத்தைப் பார்த்தால் அத்தையின் அரக்குப் பட்டு ஒரு பக்கம் அரக்காகவும் மறுபக்கம் காய்ந்த புளி மாதிரியும் இருந்தது. முகங்களில் பாதி பச்சை ஓடியிருந்தது. இதோடு, படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் வேறு.

நிறம் கெட்டதற்குக் காரணம் பல்பின் சி.ஆர்.ஐ., அதாவது அதன் வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூறுக்குப் போடும் மதிப்பெண். சாதாரண வீட்டு பல்புக்கு அது 80 பக்கம் இருக்கும். ஆழ்ந்த சிவப்பு அந்த வெளிச்சத்திலேயே குறைவு, இல்லாத சிவப்பைப் பட்டு எப்படித் திருப்பிக் காட்டும்? போட்டோவுக்கான விளக்கில் 95க்கு மேல் இருக்க வேண்டும். போனில் படத்தின் மொத்த நிறச்சாயலையும் மாற்றும் ஒயிட் பேலன்ஸை மாற்றிச் சரிசெய்யலாம் என்று என் மச்சான் வெகுநேரம் முயன்றார். இரண்டு பக்கமும் இரண்டு வகை வெளிச்சம் இருக்கும்போது ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். ஹாலின் ட்யூப்லைட்டை அணைக்காமல் எடுத்தாலும் இதே கதைதான்.

பட்டைகளுக்குக் காரணம் வேறு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விநாடிக்கு நூறு தடவை மங்கி எரியும். ஷட்டர் அதைவிட வேகமாகத் திறந்து மூடினால் பட்டை விழும். போனின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 விநாடி என்று வைத்தால் மறையும். 1/50 வைத்தால் சின்னக் குழந்தையின் கை அசைந்து கலங்கும், ஆகவே நான் 1/100ஐ விட்டு நகர்வதில்லை.

பல்பைச் சோதிக்க என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை குங்குமம், ஒரு சிட்டிகை மஞ்சள். முதலில் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் ஒரு படம், பிறகு அந்த பல்ப் மட்டும் எரியும்போது ஒரு படம். மஞ்சள் பெரும்பாலும் தப்பித்துவிடும். குங்குமம் செங்கல் தூள் போல மங்கினால் அந்த பல்ப் பட்டுக்கு ஆகாது. அதே நேரத்தில் ஷட்டரை 1/1000க்குக் கொண்டுபோய்த் தட்டைப் பார்த்தால், பட்டை வருகிற பல்பா என்பதும் தெரிந்துவிடும்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது துணி காயப்போடும் ஸ்டாண்ட். கடை பல்பைக் கழற்றிவிட்டு, ஒழுங்காக எரிந்த ஒரே சாஃப்ட்பாக்ஸை இடது பக்கம் வைத்தோம். வலது பக்கம் ஸ்டாண்டில் வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்து விரித்துப் போட்டோம். இடமிருந்து வரும் வெளிச்சம் வேட்டியில் பட்டுத் திரும்பி, மறுபக்க நிழலை மெதுவாக நிரப்பியது. ஒரே விளக்கு என்பதால் நிறச்சண்டை தீர்ந்தது. இரண்டு விளக்கு வைத்து எடுத்த பழைய படங்களில் எல்லார் முகமும் தட்டையாக இருக்கும். இதில் தாத்தாவின் கன்ன எலும்பு தெரிந்தது, ஜரிகை மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு பொங்கலுக்கும் இப்படித்தான் எடுத்தோம்.

ஒரு விளக்கில் எட்டுப் பேரை எடுக்கும்போது கவனிக்க வேண்டியது தூரம். விளக்குக்கு மூன்றடியில் இருப்பவரைவிட ஆறடியில் இருப்பவருக்குக் கால் பங்கு வெளிச்சம்தான் விழும். அதனால் ஹால் அனுமதிக்கிற அளவுக்கு விளக்கைப் பின்னால் தள்ளி, பெட்டியின் முகத்தை வரிசையின் மறுகோடியில் இருப்பவரை நோக்கித் திருப்ப வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு அதன் ஓர வெளிச்சமே போதும். தள்ளிவைப்பதால் வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்ட போன் தன் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை ஏற்றும், பெரிதாக்கிப் பார்த்தால் பொரிபொரியாகத் தெரியும். பிரேம் போட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு அது உறுத்தாது.

கண்ணாடி போட்டவர்களுக்கு விளக்கை ஏழடி உயரத்துக்கு ஏற்றிக் கீழே சாய்த்தால் லென்ஸில் வெள்ளைக் கட்டம் விழாது. அப்படியும் விழுந்தால் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் நூலளவு தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அத்தைக்கு அதுதான் வேலை செய்தது. ரிங் லைட் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம், கண்ணாடிக்குள் வளையம் உட்கார்ந்துவிடும்.

ப்ராப்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாட்டிக்குக் கை வைத்த மர நாற்காலி, பிள்ளைகளுக்கு மணை, கூடை நிறைய சாமந்தி போதும். குத்துவிளக்கு வைத்தால் பின்துணியிலிருந்து எட்டத்தில், ஆட்களுக்கு முன்பக்கமாக வையுங்கள். காட்டன் துணி நெருப்பைச் சட்டென்று பிடிக்கும்.

ஆக, ஸ்டாண்ட் உறுதி, பெட்டியின் வெளிச்சம் மென்மை, எங்கள் வீட்டின் நல்ல படங்களில் பாதி இந்த மூலையில் எடுத்தவை. இருந்தாலும் தம்பி, இந்த செட்டை வாங்காதே. போனால் மாற்றக் கிடைக்காத பல்பைத் தலையில் கட்டுகிறவர்களுக்கு, விலை இறங்கினாலும் காசு கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சி.ஆர்.ஐ. 95க்கு மேல் போட்டிருக்கும் விளக்கு ஒன்று, அதற்குப் பொருந்தும் சாஃப்ட்பாக்ஸ் ஒன்று, ஸ்டாண்ட் ஒன்று தனித்தனியாக வாங்கு. கடையிலேயே எரியவிட்டு ஷட்டர் சோதனை செய்து பார், குங்குமமும் ஒரு பொட்டலம் கொண்டு போ. வேட்டி உன் வீட்டிலேயே இருக்கும்.